விருந்தினர் வைஃபையில் நான் எழுதிக் கொடுத்த பெயர்

அந்தப் பெண்ணின் பெயரை முதலில் காகிதத்தில் எழுதியவன் நான்தான். மற்றவர்கள் செய்தது எல்லாம் அதற்குப் பிறகு வந்தது. இதை எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தாலும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு பொறியியல் கல்லூரி. அங்கே நெட்வொர்க் முழுவதும் என் பொறுப்பு. ஊரப்பாக்கத்தில் வாடகை வீடு. தினமும் பைக்கில் போய் வருவேன். என் வேலை என்னவென்று யாராவது கேட்டால், "நெட் வேலை செஞ்சா யாருக்கும் என்னைத் தெரியாது, செய்யலைன்னா எல்லாருக்கும் தெரியும்" என்பேன். அப்போது அதை வேடிக்கையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

விடுதியில் டோரண்டைத் தடை செய்ததும் நான்தான். அதற்குக் காரணம் ஒரு மதியம். இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு கம்பெனி ஆன்லைனில் தேர்வு வைத்திருந்தது. தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் லேபில் ஒவ்வொரு திரையாக நின்றுபோனது. லைனுக்கு ஒன்றும் ஆகவில்லை. விடுதி அறைகளில் ஏழெட்டு லேப்டாப்கள் டோரண்டில் படம் இறக்கிக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். சாதாரணமாக ஒரு படத்தை இறக்கினால் அது ஓரிடத்திலிருந்து ஒரே இணைப்பில் வரும். டோரண்ட் அப்படியல்ல. ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான அந்நியர்களிடமிருந்து துண்டு துண்டாக வாங்கும். வாங்கிய துண்டுகளை அதே வேகத்தில் வேறு நூற்றுக்கணக்கான பேருக்குக் கொடுக்கவும் செய்யும். இந்த இணைப்பு ஒவ்வொன்றையும் நெட்வொர்க் வாசலில் காவல் நிற்கிற எங்கள் ஃபயர்வால் ஒரு பட்டியலில் நினைவு வைத்தாக வேண்டும். அந்தப் பட்டியல் நிரம்பிவிட்டால் புதிதாக வருகிற யாருக்கும் வழியில்லை. தேர்வு எழுதுகிற பிள்ளைக்கும் இல்லை. அன்று நாற்பது பிள்ளைகள் தேர்வை இழந்தார்கள். ஒரு மாணவி லேப் வாசலில் உட்கார்ந்து செருப்பைக் கையில் பிடித்தபடி அழுதாள். எதற்காகச் செருப்பைக் கழற்றினாள் என்று எனக்கு இன்றும் தெரியாது.

அடுத்த நாளே தடை போட்டேன். அதில் எனக்கு எந்தக் குற்ற உணர்ச்சியும் இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. டோரண்டில் படம் வாங்குகிறவன் கேட்காமலே கொடுக்கிறவனாகவும் ஆகிவிடுகிறான். கையில் இருக்கும் துண்டுகளை ஊருக்கெல்லாம் கொடுக்கும்போது எந்த இணைய முகவரியிலிருந்து கொடுக்கிறான் என்பது எல்லோருக்கும் தெரியும். படத்தின் உரிமையாளர்கள் வைத்திருக்கிற ஆட்கள் அதே கூட்டத்தில் நின்று முகவரிகளைக் குறித்துக்கொள்வார்கள். அந்த முகவரி கல்லூரியுடையது. புகாரும் கல்லூரிக்குத்தான் வரும்.

விருந்தினர் நெட்வொர்க் மட்டும் தனி. பெற்றோர்கள், வெளியிலிருந்து வரும் பேராசிரியர்கள், கெஸ்ட் ஹவுஸில் தங்குகிறவர்கள், நிரந்தர அடையாள அட்டை இல்லாத ஒப்பந்த ஊழியர்கள் எல்லோரும் அதில்தான். உள்ளே வருகிற ஒவ்வொரு கருவிக்கும் ஒன்றாகக் கொடுக்க அதற்கு ஒதுக்கியிருந்தது இருநூற்றுச் சொச்சம் முகவரிகள். முன்பு ஒருவர் வாங்கிய முகவரி எட்டு மணி நேரம் அவர் பெயரிலேயே கிடக்கும், அவர் கிளம்பி வீட்டுக்குப் போய்விட்டாலும் கூட. பட்டமளிப்பு விழா அன்று காலை பத்து மணிக்கே முகவரிகள் தீர்ந்துபோய், அதன் பிறகு வந்தவர்களின் போனில் வைஃபை குறி தெரியும், ஆனால் ஒன்றும் திறக்காது. அதனால் ஒரு மணி நேரமாகக் குறைத்தேன். போன் நம்பர் கொடுத்து ஓடிபி வந்தால்தான் உள்ளே விட்டேன். ஒரு நம்பருக்கு இரண்டு கருவிகள்தான். தானாகவே ஒரு முகவரியை எழுதி வைத்துக்கொண்டு நுழைகிற கருவியை நெட்வொர்க் சுவிட்சே தடுத்துவிடும். ஒரு விருந்தினரின் கருவி இன்னொருவருடையதைப் பார்க்க முடியாது. இத்தனை காவலையும் நானே யோசித்துப் போட்டேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

டோரண்ட் தடை மட்டும் அங்கே இல்லை. முதலில் இருந்தது. ஒருமுறை கெஸ்ட் ஹவுஸில் தங்கியிருந்த பெரியவர் ஒருவரின் வீடியோ மீட்டிங்கை ஃபயர்வால் டோரண்ட் என்று தப்பாக எடுத்துக்கொண்டு வெட்டிவிட்டது. நிர்வாக அதிகாரி என்னைக் கூப்பிட்டு, "கெஸ்ட்டுக்கு எதுவும் பிளாக் பண்ணாதய்யா, மானம் போவுது" என்றார். எடுத்துவிட்டேன். வேகத்துக்கு மட்டும் ஒரு வரம்பு வைத்தேன். கெஸ்ட் ஹவுஸ் வரவேற்பாளர் வந்து, ஒவ்வொரு விருந்தினரிடமும் இரண்டு கருவிகள் கணக்குப் பார்க்க முடியவில்லை என்றதும், அவருடைய நம்பருக்கு மட்டும் இரண்டு கருவிகள் என்ற வரம்பைத் தளர்த்திக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை.

அந்தப் பெண் நூலகத்தில் தற்காலிக உதவியாளர். இருபத்தாறு வயது. செய்யூருக்கு அந்தப் பக்கம், நான் பிறந்த ஊரிலிருந்து இரண்டு மைல். இரண்டு பஸ் மாறி வருவாள். நூலக அறிவியலில் பட்டம் பெற்றவள், அரசுத் தேர்வுக்கும் படித்துக்கொண்டிருந்தாள். மதியம் சாப்பாட்டு நேரத்தில் புத்தக அடுக்குகளுக்குப் பின்னால் உட்கார்ந்து போனில் பாட வீடியோ பார்ப்பாள். ஒருநாள் அவள் போனுக்கு நெட் கிடைக்கவில்லை என்று என்னிடம் வந்தாள். பார்த்துக் கொடுத்தேன். "நீங்களும் செய்யூர் பக்கமா சார்? பேச்சுலயே தெரியுது" என்றாள். எந்த ஊர் என்று கேட்டேன். சொன்னாள். அந்த ஊரில் எந்தத் தெரு என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துகொள்கிற வித்தை எங்கள் பக்கத்தில் பிறந்த எல்லோருக்கும் உண்டு.

ஒரு வியாழக்கிழமை, எங்களுக்கு இணைப்பு கொடுக்கிற நிறுவனத்திலிருந்து புகார் மெயில் வந்தது. உங்கள் இன்ன முகவரியிலிருந்து, இன்ன போர்ட் எண்ணில், இன்ன தேதி, 14:10:22 மணிக்கு ஒரு புதுப் படம் பகிரப்பட்டது. நடவடிக்கை எடுத்துப் பதில் அனுப்பவும், இல்லையென்றால் இணைப்பைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும். அந்த முகவரி விருந்தினர் நெட்வொர்க்குடையது.

விருந்தினர் எல்லோரும் வெளியே போகும்போது ஒரே பொது முகவரியில்தான் போவார்கள். யார் எது செய்தார் என்று பிரித்துப் பார்க்க, ஒவ்வொரு கருவிக்கும் போர்ட் எண்களில், அதாவது அந்த ஒரே முகவரிக்குள் இருக்கிற கதவு எண்களில், ஒரு கட்டைப் பிரித்துக் கொடுக்கும்படி வைத்திருந்தேன். கருவி போனதும் அந்தக் கட்டு வேறொருவருக்குப் போகும். யாரிடம் எப்போது எந்தக் கட்டு இருந்தது என்பதை ஃபயர்வால் தன் லாக்கில் எழுதி வைக்கும். எனவே தேடுவது சுலபம். அந்தத் தேதி, இரண்டு மணி பத்து நிமிடம், அந்தப் போர்ட் எண். ஒரே ஒரு வரி வந்தது. நூலகத்தில் இருந்த ஒரு போன். பதிந்திருந்த நம்பர் அவளுடையது.

நான் ஆச்சரியப்பட்டேன் என்று சொல்ல ஆசைதான். இல்லை. கண்டுபிடித்துவிட்டோம் என்ற திருப்திதான் இருந்தது. அந்த வரியை வெட்டி, ஒட்டி, நம்பருக்கு எதிரே அவள் பெயரை எழுதி, நிர்வாக அதிகாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் காகிதத்தைப் பார்த்தார். "இது யாரு?"

"லைப்ரரியில டெம்ப்ரரி சார்."

"எந்த ஊரு?"

சொன்னேன்.

"உன் ஊர்ப் பக்கம்தானே? ஊரா, காலனியா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவள் அதை என்னிடம் சொன்னதே இல்லை. "காலனி சார்" என்றேன்.

"அதான்" என்றார். காகிதத்தை மடித்துக் கோப்பில் வைத்தார். அதற்கு மேல் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

மறுநாள் அவளைக் கூப்பிட்டார்கள். என்னையும் உட்கார வைத்தார்கள். அவள் முதலில் சிரித்தாள், வேறு யாருக்கோ வந்த சேதி தன்னிடம் வந்துவிட்டது போல.

"டோரண்ட்னா இன்னான்னே எனக்குத் தெரியாது சார். நான் கிளாஸ் வீடியோதான் பாத்துகினு இருந்தேன். போன வேணா பாருங்க."

போனை மேசைமேல் வைத்தாள். யாரும் எடுக்கவில்லை. நிர்வாக அதிகாரி என்னைப் பார்த்தார். "சிஸ்டம் தப்பு சொல்லுமாய்யா?"

"லாக்ல அவங்க நம்பர்தான் சார் இருக்கு" என்றேன். அது பொய்யில்லை. அதனால்தான் அவ்வளவு தைரியமாகச் சொல்ல முடிந்தது.

அவள் என்னிடம் திரும்பி, "சார், நீங்களே தானே நெட் போட்டுக் கொடுத்தீங்க?" என்றாள். கோபமாக அல்ல. ஞாபகப்படுத்துவது போலக் கேட்டாள்.

ஒப்பந்தத்தை அன்றோடு முடித்தார்கள். இணைப்பு நிறுவனத்துக்கு, சம்பந்தப்பட்டவர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று பதில் போனது. வரைவு எழுதியது நான். சாயங்காலம் அவள் அப்பா வந்தார். தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். காக்கிச் சட்டையோடு வாசலில் நின்றார். காவலாளி உள்ளே விடவில்லை. நான் பைக்கை வெளியே எடுத்தபோது எதிரே வந்தார்.

"இன்னா சார் இது? என் பொண்ணு சினிமா திருடிச்சாம். வூட்டுல கீறது ஒரு போனு. அதுல படிச்சிகினு இருந்தா. அதுக்கா வேலைய வுட்டுத் தூக்கினீங்க?"

"ஆபீஸ்ல பேசுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

பத்து நாள் கழித்து இரண்டாவது புகார் வந்தது. அதே பொது முகவரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை, 13:55. தேடினேன். ஒன்றும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தப் போர்ட் கட்டு யாரிடமும் இருக்கவில்லை. நூலகம் பூட்டு. வளாகமே காலி. லாக் எதையோ விட்டுவிட்டதோ என்று மீண்டும் மீண்டும் தேடினேன். பிறகு புகாரை எழுத்து எழுத்தாகப் படித்தேன். நேரத்துக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு ஒரு Z இருந்தது.

அந்த எழுத்துக்கு அர்த்தம் எனக்குத் தெரியாமல் இல்லை. உலகப் பொது நேரம் என்று பொருள். நம்முடைய கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். 13:55 என்றால் இங்கே இரவு ஏழு இருபத்தைந்து. அப்படித் தேடியதும் வரி வந்தது: கெஸ்ட் ஹவுஸ், ஒரு லேப்டாப். முதல் புகாரை எடுத்தேன். அதிலும் அந்த எழுத்து இருந்தது. 14:10 என்றால் ஏழு நாற்பது. அந்த நேரத்தில் அந்தப் போர்ட் கட்டு அதே லேப்டாப்பிடம் இருந்தது. மதியம் அவள் போனில் இருந்த கட்டுதான், அவள் பஸ் ஏறிப்போன பிறகு கைமாறியிருக்கிறது. அவள் போன் அந்த மதியம் எவ்வளவு வெளியே அனுப்பியது என்று பார்த்தேன். ஏறத்தாழ ஒன்றுமில்லை. வீடியோ உள்ளே வந்திருக்கிறது, அவ்வளவே. இதை அன்றே பார்த்திருக்க முடியும். இரண்டு கிளிக் தூரம்.

லேப்டாப் பதிவாகியிருந்தது வரவேற்பாளரின் நம்பரில். போய்க் கேட்டேன்.

"எல்லா கெஸ்ட்டுக்கும் என் நம்பர்லதாண்ணா போட்டுக் குடுப்பேன்" என்றார். "பெரிய ஆளுங்க ஓடிபிக்காக நின்னுகினு இருப்பாங்களா? நீங்கதானே லிமிட்ட எடுத்து வுட்டீங்க?"

அந்த இரண்டு தேதிகளிலும் மூன்று அறைகளில் ஆட்கள். அதில் யார் என்று சொல்ல என்னிடம் எதுவுமில்லை.

அன்றே போய்ச் சொல்லியிருந்தால் இதைக் கொஞ்சம் வேறு மாதிரி எழுதியிருப்பேன். மூன்று வாரம் சொல்லவில்லை. விருந்தினர் நெட்வொர்க்கில் டோரண்ட் தடையை யாரையும் கேட்காமல் திரும்பப் போட்டேன். வரவேற்பாளரின் நம்பருக்கும் இரண்டே கருவிகள் என்று ஆக்கினேன். ஓட்டைகளை எல்லாம் அடைத்தேன். புகார் வருவது நின்றது. ஒவ்வொரு நாள் காலையும் இன்று சொல்லிவிடலாம் என்று வண்டியை எடுப்பேன். என் மகளுக்குப் பள்ளியில் இடம் கிடைத்தது இந்த நிர்வாகத்தின் சிபாரிசில் என்பது வழியில் ஞாபகம் வரும். சாயங்காலம் அதே சாலையில் திரும்புவேன்.

ஒருநாள் நிர்வாக அதிகாரி முன்னால் எல்லா அச்சுப் பிரதிகளையும் வைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். நான் எதிர்பார்த்ததை விடப் பொறுமையாக.

"சரி. அந்தப் பொண்ணு இல்ல. அப்ப யாரு?"

"கெஸ்ட் ஹவுஸ்ல தங்கினவங்கள்ல ஒருத்தர் சார். யாருன்னு சொல்ல முடியாது."

"யாருன்னு சொல்ல முடியாதுன்னா இவ இல்லன்னு மட்டும் எப்படிச் சொல்றே?"

"இந்த நேரம் சார், இந்த எழுத்து..."

"இந்த எழுத்தை அன்னிக்கு நீ பாக்கலை. இன்னிக்குப் பாத்தேன்றே. நாளைக்கு இன்னொண்ணு பாப்பே. ஆக்‌ஷன் எடுத்தாச்சுன்னு எழுதிக் கொடுத்தாச்சு. இப்ப மாத்தி எழுதினா நம்மள இன்னா நினைப்பாங்க? கெஸ்ட் ஹவுஸ்ல யாரு யாரு வந்தாங்கன்னு உனக்குத் தெரியுமில்ல? போய் வேலையைப் பாரு."

காகிதங்களை என் பக்கம் தள்ளினார்.

அடுத்த ஞாயிறு செய்யூர் போனேன். சவுக்குத் தோப்பைத் தாண்டி, என் ஊருக்குத் திரும்பாமல் நேராக. அந்தத் தெருவுக்குள் நான் அதுவரை போனதில்லை. இரண்டு மைல் தொலைவில் பிறந்து, நாற்பது வயது ஆகியும். அவள் வீட்டு வாசலில் நின்று சொன்னேன். எல்லாவற்றையும், அந்த எழுத்தையும், ஐந்தரை மணி நேரத்தையும். அவள் அப்பா லாரிக்குப் போயிருந்தார். அவள் உட்காரச் சொல்லவில்லை, தண்ணீர் வேண்டுமா என்று மட்டும் கேட்டாள். வேண்டும் என்று வாங்கிக் குடித்தேன்.

"இத எழுதிக் குடுப்பீங்களா சார்? காலேஜ் லெட்டர்ல?"

"லெட்டர்ஹெட்ல கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லம்மா."

"அன்னிக்கு என் பேர எழுதிக் குடுத்தீங்களே, அதுக்கு அதிகாரம் இருந்துச்சா?"

வண்டிப் பெட்டியிலிருந்து ஒரு வெள்ளைத் தாள் எடுத்து, கோணல்மாணலான கையெழுத்தில் நடந்ததை எழுதி, கீழே என் பெயரும் பதவியும் போட்டுக் கையெழுத்திட்டேன். அவள் படித்துப் பார்த்தாள். "நம்பர் கைமாறிடுச்சுன்னு எழுதியிருக்கீங்க. நீங்க டைம் தப்பாப் பாத்தீங்கன்னு எழுதுங்க" என்றாள். அடித்துத் திருத்தி எழுதினேன்.

மதுராந்தகம் பக்கம் ஒரு கல்லூரியில் நூலக வேலை கேட்டு அவள் போனதும் அந்தத் தாளைக் காட்டியதும் எனக்கு நிர்வாக அதிகாரி மூலம்தான் தெரிந்தது. அங்கிருந்து அவரிடம் விசாரித்திருக்கிறார்கள். என்னைக் கூப்பிட்டு, "இது உன் கையெழுத்தா?" என்றார். ஆமாம் என்றேன். இந்த ஒரு முறையாவது தயங்காமல் சொன்னேன். அவர் கத்தவில்லை. அடுத்த மாதத்திலிருந்து என்னை விடுதிப் பக்கம் கேபிள் வேலைக்கு மாற்றினார்கள். நெட்வொர்க் வெளி ஆட்களிடம் போனது. மதுராந்தகம் கல்லூரியில் அவளுக்கு வேலை கிடைக்கவில்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை.

நானே போன் செய்தேன். இரண்டாவது முறைதான் எடுத்தாள்.

"இன்னொரு எடத்துல வேணா நான் வந்து நேர்ல சொல்றேன்மா" என்றேன்.

"வேணாம் சார். அந்தப் பேப்பரக் கிழிச்சிட்டேன். அதக் காட்டினாத்தான் இன்னா விஷயம்னு கேக்கறாங்க. அப்புறம் நான் மொதல்லேர்ந்து சொல்லணும். அவங்க கேட்டுகினே இருப்பாங்க, மூஞ்சி மாறும். காட்டலைன்னா ஒருத்தருக்கும் தெரியாது."

"இப்ப எங்கம்மா வேலைக்குப் போயிட்டிருக்கே?"

"மாமல்லபுரத்துல. ஒரு ஓட்டல்ல துணி மடிக்கிற வேலை" என்றாள். பின்னால் பெரிய மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. "பரீட்சைக்குப் படிக்கிறியா?" என்று கேட்டேன். அது கேட்கக்கூடாத கேள்வி என்பது கேட்ட பிறகுதான் புரிந்தது.

"வெக்கிறேன் சார், சூப்பர்வைசர் வர்றாங்க" என்றாள்.

அதற்குப் பிறகு நான் அந்த நம்பருக்குக் கூப்பிடவில்லை. அவளுக்கும் என்னைக் கூப்பிட வேண்டிய காரணம் எதுவும் இல்லை.